கடிதத்தைத் தூக்கிப்போட்டால் போவது 2,000 வெள்ளி

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு கம்பெனியின் 10,000 பங்குகள் என்னிடம் உள்ளன. இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. கையில் இருக்கும் இரண்டு பங்குக்கு ஒரு புதுப் பங்கு, விலை 60 காசு, நான் 5,000 வாங்கலாம், 24ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். வரும் பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடனை அடைக்கவாம். போன வாரம் 1.20 வெள்ளியில் இருந்த பங்கு இப்போது 1 வெள்ளிக்கு விழுந்துவிட்டது. "பாதி விலைக்குக் கிடைக்கிறது, வைப்புத்தொகையை எடுத்தாவது வாங்கு" என்கிறார் அண்ணன். "கடிதத்தைத் தூக்கிப்போடுங்கள்" என்கிறாள் மகள். ஒன்றும் செய்யாமல் விட்டால் என் 10,000 பங்கு அப்படியேதானே இருக்கும்?

பதில்:

பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், டீச்சர். ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் உங்கள் சொத்தில் சுமார் 2,000 வெள்ளி குறைந்துவிடும். தேதி விஷயம் அவசரம் என்பதால் அதை மட்டும் அன்றே தொலைபேசியில் சொன்னேன். மற்றதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே கடிதம் இன்னும் பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்கு வந்திருப்பது உரிமைப் பங்கு வெளியீடு. அதாவது, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பங்கைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமையைக் கம்பெனி கொடுக்கிறது. முதலில் அந்த 1.20 எப்படி 1 வெள்ளி ஆனது என்று பார்ப்போம். யாரும் பயந்து விற்றதால் வந்த வீழ்ச்சி இல்லை இது. பழைய விலையில் இரண்டு பங்கின் மதிப்பு 2.40 வெள்ளி. அதோடு 60 காசுக்கு ஒரு புதுப் பங்கு சேர்கிறது. ஆக மூன்று பங்குக்கு மொத்தம் 3 வெள்ளி, ஒரு பங்குக்கு 1 வெள்ளி. உரிமையோடு சேர்த்து விற்கும் கடைசி நாள் முடிந்து, மறுநாள் காலையில் சந்தை திறக்கும்போதே விலை இந்தக் கணக்குக்குத்தான் இறங்கும். அதற்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதும் சந்தையின் வழக்கமான போக்கு.

குறைந்த அந்த 20 காசு காற்றில் கரைந்துவிடவில்லை. உங்கள் 10,000 பங்கிலிருந்து 2,000 வெள்ளி கழன்று, 5,000 உரிமைகள் என்ற வேறு வடிவத்தில், உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிஎஸ் கணக்கிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. 1 வெள்ளிப் பங்கை 60 காசுக்கு வாங்கும் தகுதி ஒவ்வொன்றும் 40 காசு பெறும். 5,000 உரிமைக்கு 2,000 வெள்ளி. சந்தைத் திரையில் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் OR என்று சேர்த்துக் காட்டுவார்கள். பங்கை விற்பது போலவே அதையும் விற்கலாம், வாங்கலாம். அண்ணன் சொல்லும் 'பாதி விலை'யின் சங்கதி இதுதான். தள்ளுபடியாக உங்களுக்குக் கொடுப்பது உங்கள் பழைய பங்கிலிருந்து எடுத்த காசையே. வெளியாள் யாரும் அதைத் தரவில்லை.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் வழிகளைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கடிதம் வருவதற்கு முன் உங்களிடம் இருந்தது 12,000 வெள்ளி மதிப்புள்ள பங்கு.

முழுதும் எடுத்துக்கொண்டால் 3,000 வெள்ளி கட்டுகிறீர்கள். பங்கு 15,000 ஆகும், ஒன்று 1 வெள்ளி, மொத்தம் 15,000 வெள்ளி. பழைய 12,000, புதிதாகப் போட்ட 3,000. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

உரிமைகளை விற்றால் பங்கில் 10,000 வெள்ளி இருக்கும், கையில் ரொக்கமாக 2,000 வரும். அதுவும் 12,000தான்.

மகள் சொல்வது போல் விட்டுவிட்டால் 10,000 வெள்ளிப் பங்கு மட்டும் மிஞ்சும். மற்ற 2,000? நீங்கள் எடுக்காத 5,000 புதுப் பங்குகள், கூடுதலாகக் கேட்டு மனு போட்டவர்களுக்கு அதே 60 காசுக்குப் போய்ச் சேரும். 1 வெள்ளிப் பொருளை 60 காசுக்கு வாங்கிய லாபம் அவர்களுக்கு. லண்டன் சந்தையில் பொதுவாக எடுக்கப்படாத உரிமைப் பங்குகளை விற்று, விலை போக மிஞ்சும் தொகையைச் சும்மா இருந்த பங்குதாரருக்கே அனுப்பிவைப்பார்கள். நம் ஊரில் அப்படி யாரும் காசோலை அனுப்ப மாட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் நான் பங்குத் தரகு நிறுவனத்தில் ரெமிசியராக இருந்த காலத்தில், பினாங்கு ஸ்திரீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் வாடிக்கையாளர். கம்பெனிகளிடமிருந்து வரும் உறைகளையெல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். லாப ஈவு என்றால் வங்கிக்குத் தானாக வந்துவிடும், மற்றதெல்லாம் வெறும் காகிதம் என்பது அவர் எண்ணம். ஒரு நாள் "விலை ஏன் தம்பி இப்படி இறங்கிப்போச்சு?" என்று கேட்டு வந்தார். உறையைப் பிரித்துப் பார்த்தபோது பணம் கட்டும் தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவருக்கு அன்று போனது 4,000 வெள்ளிக்கு மேல். அந்த வெளியீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். பெரிய கணக்கு வைத்திருந்தவர்களை அழைத்துச் சொன்னேன், அவரை அழைக்கவில்லை. அது என் தவறு. அதற்குப் பிறகு உரிமைப் பங்கு என்று எங்கே பார்த்தாலும் முதலில் சிறு பங்குதாரர்களைத்தான் அழைப்பேன்.

சரி, எடுப்பதா விற்பதா என்ற கேள்விக்கு வருவோம். இரண்டுமே 12,000 என்று முடிகிறதே, பிறகு என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் இனிமேல் நடக்கப்போவதில் இருக்கிறது. அந்தக் கம்பெனி உங்கள் 3,000 வெள்ளியை வைத்து என்ன செய்யும் என்பதே கேள்வி.

பங்கு நீர்த்துப்போகிறது என்று சொல்லும்போது பலரும் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு தருகிறேன். கம்பெனியில் மொத்தம் 20 கோடிப் பங்குகள், ஆண்டு லாபம் 2 கோடி வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குக்கு லாபம் 10 காசு. உங்கள் 10,000 பங்குக்கு உரிய லாபம் 1,000 வெள்ளி. இப்போது 10 கோடிப் புதுப் பங்கு வருகிறது, கம்பெனிக்கு 6 கோடி வெள்ளி கிடைக்கிறது. பங்கு 30 கோடி ஆகிவிட்டதால், அந்தப் பணம் எதையும் சம்பாதிக்காவிட்டால் ஒரு பங்குக்கு லாபம் 6.67 காசு. 10 காசு 6.67 ஆகிவிட்டதே என்று பத்திரிகையில் படிப்பவர்களுக்குப் பகீர் என்றிருக்கும்.

அந்த இறக்கத்தில் ஒரு பகுதி வெறும் எண்ணிக்கை மாற்றம். 60 காசு என்ற தாழ்ந்த விலையில் கொடுத்ததால் பங்குகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். 1.20 வெள்ளிப் பங்கு 1 வெள்ளி ஆனது போல, பழைய 10 காசு லாபத்தையும் அதே விகிதத்தில் 8.33 காசு என்று மாற்றிவைத்துத்தான் புதுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஆண்டறிக்கையில் பழைய ஆண்டுகளின் லாப எண்கள் திடீரென்று மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உரிமை வெளியீட்டுக்குப் பிறகு கணக்காளர்கள் இப்படித்தான் திருத்துவார்கள்.

உண்மையான நீர்ப்பு எது என்பது இந்த 8.33க்குக் கீழே எவ்வளவு போகிறோம் என்பதில் தெரியும். 30 கோடிப் பங்குக்கும் தலா 8.33 காசு கிடைக்க வேண்டுமென்றால் கம்பெனி 2.5 கோடி வெள்ளி சம்பாதிக்க வேண்டும். புதிதாக வந்த 6 கோடி, ஆண்டுக்கு 50 லட்சம் கொண்டுவர வேண்டும். அதாவது 8.33 விழுக்காடு. இப்போது கடனை அடைக்கும் விஷயத்தைப் போட்டுப் பாருங்கள். வங்கி வட்டி 6 விழுக்காடு என்றால் 6 கோடிக் கடனை அடைப்பதால் மிச்சமாவது 36 லட்சம். அதில் 24 விழுக்காடு கம்பெனி வரி போனால் கையில் நிற்பது சுமார் 27 லட்சம். மொத்த லாபம் 2.27 கோடி, ஒரு பங்குக்குச் சுமார் 7.6 காசு. 8.33க்கும் 7.6க்கும் உள்ள இடைவெளிதான் பங்குதாரர் உண்மையிலேயே இழப்பது. தள்ளுபடி எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 60 காசுக்குப் பதில் 90 காசுக்குப் பங்கு கொடுத்து அதே 6 கோடியைத் திரட்டியிருந்தாலும் இந்த இழப்பின் விகிதம் இப்படியேதான் இருந்திருக்கும்.

கடனை அடைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வட்டிச் சுமை குறைந்தால் கம்பெனி ஒரு கெட்ட ஆண்டைத் தாங்கும். வங்கி கழுத்தைப் பிடிக்காது. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அது ஒரு முறை கொடுக்கும் விலையாக இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கடிதத்தோடு சம்பந்தப்பட்ட சுருக்க விளக்க அறிக்கையைத் தேட வேண்டும். புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளில் இருக்கும். நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். திரட்டும் பணத்தை எதற்குச் செலவழிக்கப்போகிறார்கள், எத்தனை மாதத்துக்குள் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதைப் பாருங்கள். வெளியீட்டுக்குப் பிறகும் எவ்வளவு கடன் மிஞ்சும் என்பதை அடுத்துப் பாருங்கள். அப்புறம், இந்தக் கம்பெனி கடந்த பத்து ஆண்டில் எத்தனை முறை பங்குதாரரிடம் கை நீட்டியிருக்கிறது என்று பழைய ஆண்டறிக்கைகளில் பாருங்கள். நடைமுறைச் செலவுக்கே, அதாவது சம்பளத்துக்கும் சப்ளையர் பாக்கிக்குமே, பெரும்பணம் போகிறது என்றால் எனக்கு அந்த வெளியீடு பிடிக்காது. வியாபாரம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

நம் நாட்டிலேயே இரு வேறு முடிவுகளைப் பார்த்திருக்கிறோம். 2009இல் மேபேங்க் 20 பங்குக்கு 9 பங்கு, தலா 2.74 வெள்ளி என்று கேட்டு 600 கோடி வெள்ளி திரட்டியது. முந்தின ஆண்டில் இந்தோனேசியாவில் ஒரு வங்கியை வாங்கியதும் உட்பட வெளிநாட்டு முதலீடுகள் அதன் மூலதனத்தைக் கரைத்திருந்தன. லாபம் ஈட்டிக்கொண்டிருந்த வங்கி அது, போட்ட பணம் வேலை செய்தது. 2024இல் அந்தப் பங்கு 10 வெள்ளியைத் தொட்டது, இடையில் லாப ஈவும் வந்துகொண்டிருந்தது. சப்புரா எனர்ஜி 2018இன் இறுதியில் 3 பங்குக்கு 5 பங்கு, தலா 30 காசு என்று கேட்டது. முன்னுரிமைப் பங்கையும் சேர்த்துத் திரட்டிய சுமார் 400 கோடி வெள்ளியில் பெரும்பகுதி கடனுக்கே போனது. அடைத்த பிறகும் மலை போல் கடன் மிஞ்சியிருந்தது, கையில் இருந்த ஒப்பந்தங்களும் நட்டத்தில் ஓடின. 2022இல் அது நிதி நெருக்கடியில் இருக்கும் கம்பெனிகளின் பிஎன்17 பட்டியலில் விழுந்தது. பங்கு 5 காசுக்கும் கீழே போனது. கடன் அடைக்கக் கேட்கிறார்கள் என்றால், அடைத்த பிறகு என்ன மிஞ்சும் என்று நான் கேட்பது இதனால்தான்.

உரிமையாளராக உங்கள் விகிதம் குறைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 கோடியில் 10,000 என்பது 0.005 விழுக்காடு. எடுக்காவிட்டால் 0.0033 ஆகும். பொதுக்கூட்டத்தில் இதனால் எதுவும் மாறாது, உங்களுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் பெரிய பங்குதாரர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். தன் பங்குக்கு உரியதை முழுதும் எடுப்பதாக எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறாரா என்று அறிக்கையில் இருக்கும். கம்பெனியை உள்ளே இருந்து பார்ப்பவரே தன் காசைப் போடத் தயங்கினால் நீங்கள் ஏன் போட வேண்டும்? மறுபக்கம், சிறு பங்குதாரர்கள் விட்டுவிடும் பங்கையெல்லாம் அவரே கூடுதலாகக் கேட்டு அள்ளிக்கொள்ளவும் முடியும். 33 விழுக்காட்டைத் தாண்டினால் மற்றவர்களின் பங்கையும் வாங்கிக்கொள்ள முன்வர வேண்டும் என்பது கையகப்படுத்தல் விதி. ஆனால் உரிமை வெளியீட்டில் அதிலிருந்து விலக்குக் கேட்பது வழக்கம். அப்படி விலக்குக் கேட்டிருந்தால் அதுவும் அறிக்கையில் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் என் யோசனையைச் சொல்கிறேன். வைப்புத்தொகையை எடுத்து இதில் போட வேண்டாம். ஓய்வூதியத்தோடு வாழும் ஒருவருக்கு மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் பணம் அது. கடன் சுமையில் இருக்கும் ஒரே கம்பெனியில் இன்னும் கூடுதலாகப் போய்ச் சிக்குவதற்கு அது இல்லை. உங்களிடம் இந்தப் பங்கு ஏற்கெனவே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று சந்தையில் 1 வெள்ளி கொடுத்து 3,000 பங்கு புதிதாக வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், 60 காசுக்கு 5,000 எடுப்பதற்கும் அதே பதில்தான். இரண்டிலும் நீங்கள் போடுவது 3,000 வெள்ளி, கிடைப்பது 3,000 வெள்ளி மதிப்பு. மற்ற 2,000 ஏற்கெனவே உங்களுடையது.

அதற்காக முழுதும் விற்றுவிட்டு விலகி நிற்க வேண்டும் என்றும் இல்லை. கம்பெனி தேறிவரும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருந்தால், கைக்காசு போடாமலே உரிமையைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு நடுவழி உண்டு. 5,000 உரிமையில் 3,000ஐ 40 காசுக்கு விற்றால் 1,200 வெள்ளி வரும். மிச்சமுள்ள 2,000 உரிமைக்கு 60 காசு வீதம் கட்ட வேண்டியதும் 1,200. கடைசியில் உங்களிடம் 12,000 பங்கு, மதிப்பு 12,000 வெள்ளி. வெளியீட்டுக்கு முன் இருந்த அதே மதிப்பு அப்படியே பங்காக நிற்கிறது. மேலே சொன்ன உதாரண லாபத்தைப் பெருக்கிப் பாருங்கள். 12,000 பங்குக்கு 7.6 காசு வீதம் சுமார் 910 வெள்ளி. முன்பு உங்களுக்கு உரியது 1,000. குறைந்த 90 வெள்ளிதான் கம்பெனி கடனை அடைப்பதற்காக நீங்கள் ஆண்டுக்கு விட்டுக்கொடுப்பது. இந்த அளவு எனக்கு ஏற்கத்தக்கதாகத்தான் தெரிகிறது, மிச்சக் கடன் மலையாக இல்லாதவரை.

திரையில் OR சரியாக 40 காசில் நிற்காது. தாய்ப் பங்கின் விலையிலிருந்து 60 காசைக் கழித்தால் வருவதுதான் அதன் நியாயமான விலை, ஆனால் பெரும்பாலும் அதைவிட ஓரிரு காசு குறைவாகவே போகும். வாங்குபவர் பணம் கட்டி, புதுப் பங்கு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? தாய்ப் பங்கு 98 காசு, OR 36 காசு என்றால் 2 காசு தள்ளி விற்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் OR 28 காசுக்குப் போய்விட்டால் விற்பது அநியாயம். அப்போது உரிமையை விற்காமல், பழைய பங்கிலேயே சுமார் 3,100 பங்கை 98 காசுக்கு விற்று, அந்தப் பணத்தில் 5,000 உரிமையையும் எடுத்துவிடுங்கள். முடிவில் கையில் 11,900 பங்கு இருக்கும், உரிமையின் முழு மதிப்பும் உங்களிடமே தங்கும். விற்ற பணம் இரண்டு சந்தை நாளில் வந்துவிடும் என்பதால் 24ஆம் தேதிக்கு முன் போதிய நேரம் இருக்கிறது. தரகுக் கட்டணத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. ஆகவே சின்னச் சின்னதாகப் பிரித்து விற்காமல் ஒரே தடவையில் விற்றுவிடுங்கள்.

கடைசி நாள்வரை தாய்ப் பங்கின் விலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அது 60 காசுக்குக் கீழே இறங்கிவிட்டால் பணம் கட்டவே வேண்டாம். சந்தையிலேயே அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது 60 காசு கொடுக்க அவசியம் இல்லை. அந்த ஒரு நிலைமையில் மட்டும்தான் கடிதத்தைத் தூக்கிப்போடுவது சரி. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். கட்டுவதைக் கடைசி ஓரிரு நாளில் செய்வது நல்லது என்பதும் இதனால்தான். ஒரு முறை கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

தேதிகளைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். கடிதத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பது பணம் கட்டும் கடைசி நாள். OR விற்கும் கடைசி நாள் அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே முடிந்துவிடும். அது கடிதத்தில் சிறிய எழுத்தில் தனியாக இருக்கும். அந்த நாள் தாண்டிவிட்டால் உரிமையை விற்கும் பாதை அடைபட்டுவிடும். பழைய பங்கை விற்று எடுக்கும் வழி மட்டுமே மிச்சம். எடுப்பதாக முடிவு செய்தால், படிவத்தோடு 10 வெள்ளி முத்திரைத் தீர்வையும் உண்டு. சொந்தக் காசோலையை வாங்க மாட்டார்கள். கேஷியர்ஸ் ஆர்டர் போன்றவைதான், அல்லது கம்பெனியின் பங்குப் பதிவாளர் இணையத்தில் கட்ட வழி வைத்திருந்தால் அதில் கட்டலாம். கூடுதல் பங்கு கேட்கும் இன்னொரு கட்டமும் படிவத்தில் இருக்கும். அதற்கு மனுவோடே முழுப் பணமும் கட்ட வேண்டும், கிடைக்காத பங்குக்கான பணம் வட்டியில்லாமல் திரும்பும். உங்களுக்கு அது தேவையில்லை.

எட்டு ஆண்டாக வாங்கி வைத்ததோடு சரி, ஒன்றும் விற்கவில்லை என்றால் இன்னொரு சிக்கல் வரலாம். மூன்று ஆண்டுக்கு மேல் அசைவே இல்லாத சிடிஎஸ் கணக்கை முடக்கி வைத்துவிடுவார்கள். உரிமைகள் கணக்கில் இருக்கும், ஆனால் விற்க உத்தரவு போட முடியாது. கணக்கை மறுபடி திறக்க விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கலாம். ஆகவே அறிக்கையைப் படிப்பது, கணக்கு போடுவது எல்லாம் அப்புறம். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக உங்கள் தரகு நிறுவனத்தை அழைத்துக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, 5,000 OR அதில் வந்து சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். பங்குகள் உங்கள் பெயரில் இல்லாமல் தரகு நிறுவனத்தின் நாமினி கணக்கில் இருப்பதாகச் சொன்னால், உங்கள் முடிவை எந்தத் தேதிக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது கடிதத்தில் உள்ள 24க்கும் சில நாள் முன்னாலேயே இருக்கும்.